தேடலில் கிடைத்த எண்ணை அழைக்கும் முன்: உண்மையான வாடிக்கையாளர் சேவையை அடையும் வழி

திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தப்பா, சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கைபேசி வழியாக வீட்டு மின்கட்டணம் 1,860 ரூபாய் செலுத்தினார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கட்டணம் ஏறவில்லை. செலுத்திய செயலியின் பெயரையும் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்பதையும் சேர்த்துத் தேடினார். மேலே தெரிந்த முதல் எண்ணை அழைத்தார். மணி அடித்து நின்றது. இரண்டு நிமிடத்தில் வேறோர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவன் தமிழில், மிகவும் பணிவாகப் பேசினான். “சார், உங்கள் 1,860 ரூபாய் சர்வரில் நிற்கிறது. பத்து நிமிடத்தில் திருப்பிவிடுகிறோம்” என்றான்.

தொகையையும் அவனே சொன்னான் என்று சித்தப்பா பிறகு பலமுறை சொன்னார்; அதனால்தான் நம்பினாராம். பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அழைப்பு வந்ததும் “மின்கட்டணம் 1,860 ரூபாய் போய்விட்டது” என்று முதலில் சொன்னது அவரே. அவன் அதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான்.

பிறகு ஒரு செயலியை நிறுவச் சொன்னான். அது திரையை இன்னொருவருக்குக் காட்டும் செயலி. இதற்கென்று கள்ளச் செயலி எதுவும் வேண்டியதில்லை. எனிடெஸ்க் போன்றவை கணினி பழுது பார்ப்பவர்கள் நேர்மையாகப் பயன்படுத்தும் செயலிகள்தான், பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். செயலியில் தெரிந்த எண்ணைப் படித்துச் சொன்னார். அனுமதி கேட்டபோது ஒப்புக்கொண்டார். அந்த நொடியிலிருந்து அவர் திரையில் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்தது.

கடைசி அடி மிக எளிமையானது. பணம் அனுப்பும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, ஒரு யுபிஐ முகவரியைக் கொடுத்தான். “தொகை என்ற கட்டத்தில் உங்கள் ரீஃபண்ட் கோடு 48960 என்று போடுங்கள். சரிபார்க்க பின் எண் கேட்கும், போடுங்கள்” என்றான். அது கோடு அல்ல, 48,960 ரூபாய். நாற்பது ஆண்டு கணக்கு வேலை பார்த்தவர் என் சித்தப்பா. பதற்றத்தில் இருப்பவருக்கு நிதானமான ஒரு குரல் அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனால், யாருடைய கையும் அதன்படி நகர்ந்துவிடும். ஏமாந்தவரை முட்டாள் என்று நினைக்கும் வீடுகளில்தான் புகார் தாமதமாகிறது, பணமும் போகிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த எண் மேலே எப்படி வந்தது

தேடுபொறி தருவது, ஒரு கேள்விக்குப் பொருந்துவதாக அதற்குத் தோன்றும் பக்கங்களை. அந்தப் பக்கத்தை எழுதியவர் யார் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. மோசடிக்காரர்கள் உள்ளே வரும் வழிகள் பல. நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, கூகுள் வரைபடப் பக்கம். ஒரு வங்கிக் கிளையின் பெயரைத் தேடினால் முகவரி, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஒரு பெட்டி வரும். பார்க்க அதிகாரபூர்வமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் “Suggest an edit” என்ற வசதி உண்டு. கடை இடம் மாறினால் யாராவது திருத்தட்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைத்தது. அதே வழியில் எண்ணையும் மாற்றப் பார்க்கலாம். 2018இல் பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் எண்கள் இப்படி மாற்றப்பட்டு, அந்த எண்களை அழைத்தவர்கள் பணம் இழந்ததாக மகாராஷ்டிர சைபர் போலீசாரிடம் புகார் போனது. மும்பையில் வருங்கால வைப்புநிதி அலுவலகத்தின் எண்ணும் அப்படியே மாற்றப்பட்டிருந்தது. கிளை உண்மை, முகவரி உண்மை, எண் மட்டும் பொய்.

இரண்டாவது, விளம்பரம். முடிவுகளுக்கு மேலே “Sponsored” என்ற சிறிய சொல்லோடு வருபவை காசு கொடுத்து வாங்கிய இடங்கள். மூன்றாவது, யாரும் எழுதக்கூடிய இடங்களில் கொட்டி வைத்திருக்கும் எண்கள்: கேள்வி பதில் தளங்கள், சமூக ஊடகப் பதிவுகளின் பின்னூட்டங்கள், இலவசமாக ஏற்றக்கூடிய ஆவணக் கோப்புகள். ஒரே எண்ணை ஐம்பது இடங்களில் எழுதிவிட்டால், தேடுபவர் கண்ணில் இரண்டு மூன்று இடங்களில் அதே எண் படும். “பல இடத்தில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும்” என்று மனம் ஒப்புக்கொள்ளும்.

நான்காவதை அறிந்தவர்கள் குறைவு. 2025 ஜூனில் மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதை விளக்கியது. விளம்பரத்தைத் தொட்டால் உண்மையான நிறுவனத்தின் உண்மையான தளமே திறக்கிறது. மேலே முகவரியும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த இணைப்பின் வாலில் ஒரு தேடல் சொற்றொடரைச் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். அதனால் தளத்தின் தேடல் பெட்டிக்குள்ளும், “இதற்கான முடிவுகள்” என்ற வரியிலும் “உடனே அழைக்கவும்” என்று மோசடிக்காரனின் எண் தெரிகிறது. நிறுவனமே எழுதி வைத்ததுபோல் இருக்கும். ஆகவே எண் பக்கத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தேடல் பெட்டிக்குள்ளோ முடிவு வரியிலோ இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து மறுபடி திறங்கள்; போலி எண் மறைந்திருக்கும்.

முதல் படி: அழைக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

சித்தப்பாவின் வேதனையான செய்தி இதுதான்: அவர் யாரையும் அழைத்திருக்கவே வேண்டியதில்லை. தோல்வியடைந்த யுபிஐ பரிமாற்றங்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு வகுத்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கிலிருந்து போய், பெறுபவருக்குச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கோ நிறுவனத்துக்கோ செலுத்தியது உறுதியாகாமல் நின்றால் ஐந்து நாள் கெடு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அவருடைய 1,860 ரூபாய் வியாழக்கிழமை காலை தானாகவே திரும்பி வந்தது.

எனவே பணம் நடுவில் நின்றால், முதலில் செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து பாருங்கள். ‘நிலுவையில்’ என்று இருந்தால் காத்திருப்பது போதும். ‘தோல்வி’ என்று காட்டியும் கெடுவுக்குள் பணம் வராவிட்டால், அதே பக்கத்தில் இருக்கும் உதவி அல்லது புகார் பொத்தானை அழுத்துங்கள். அப்படிப் பதியும் புகாரில் பரிமாற்ற எண் தானாகவே சேர்ந்துவிடும். யாரிடமும் எதையும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 12 இலக்கத்தில் UTR என்றோ UPI பரிமாற்ற எண் என்றோ ஒன்று தெரியும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு எங்கே புகார் செய்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

இரண்டாம் படி: எண்ணை ஏற்கெனவே கையில் உள்ளதிலிருந்து எடுங்கள்

பேசித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணைத் தேடாதீர்கள். கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறம், கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், காப்பீட்டுப் பத்திரம், எரிவாயு ரசீது, குளிர்பெட்டியோடு வந்த உத்தரவாத அட்டை, ஆர்டர் உறுதியான அன்று வந்த மின்னஞ்சல் ஆகிய எல்லாவற்றிலும் எண் இருக்கும். இவை பிரச்சினை வருவதற்கு முன்பே, உங்களுக்கென்று அந்த நிறுவனம் கொடுத்தவை. அவற்றில் யாரும் வெளியிலிருந்து திருத்தம் செய்ய முடியாது. ஏற்கெனவே நிறுவிப் பயன்படுத்திவரும் அதிகாரபூர்வச் செயலியின் உதவிப் பக்கமும் அதே வகைதான்.

இவை எதுவும் இல்லையென்றால் தளத்துக்குப் போகலாம். தேடி அல்ல, முகவரியைத் தட்டச்சு செய்து. வங்கிகளுக்கு இப்போது இது எளிதாகியிருக்கிறது. 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் தளங்களை `bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாதவருக்கு அந்த முடிவு கிடைக்காது. ஸ்டேட் வங்கியின் தளம் `sbi.bank.in`. ஆனால் படிக்கும் விதம் முக்கியம். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை படித்து, அதற்குச் சற்று முன்னால் இருப்பது `bank.in` தானா என்று பார்க்க வேண்டும்.

```
https://sbi.bank.in/...               வங்கியுடையது
https://sbi.bank.in.example.com/...   வங்கியுடையது அல்ல
```

இரண்டாவது முகவரியில் `bank.in` நடுவில் இருக்கிறது, முடிவில் இல்லை. உண்மையில் அது `example.com` என்பவருக்குச் சொந்தம்.

எண்ணின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். “பத்து இலக்கக் கைபேசி எண்ணாக இருந்தால் போலி, 1800 என்று தொடங்கினால் உண்மை” என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவுரை சுற்றுகிறது. சந்தேகப்பட அது உதவும், நம்புவதற்கு உதவாது. தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. பார்க்க ஒரு கைபேசி எண்தான், ஆனால் உண்மையானது. ரயில்வேக்கு 139, நெடுஞ்சாலை மற்றும் ஃபாஸ்டேக்குக்கு 1033 என்று மூன்று நான்கு இலக்க எண்களும் உண்டு. மறுபக்கம், கட்டணமில்லா எண்ணையும் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று பேசும் பதிவுக் குரலையும் எவரும் வாடகைக்கு எடுத்துவிடலாம். எண் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான் சான்று.

கிடைத்த எண்ணை விரலால் அழுத்தி அழையுங்கள். உண்மையான எண் சில நேரம் இருபது நிமிடம் காக்க வைக்கும், இடையில் துண்டிக்கும். அந்த எரிச்சலில்தான் மனம் “வேறு எண் கிடைக்குமா பார்ப்போம்” என்று தேடுபொறிக்குத் திரும்புகிறது. அங்கே காத்திருப்பவனோ முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். காத்திருக்க முடியாவிட்டால் கிளைக்கு நேரில் போங்கள்.

சமூக ஊடகத்தில் நிறுவனத்தைக் குறிப்பிட்டுக் குறை எழுதுபவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பதிவின் கீழ் சில நிமிடங்களில் நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு கணக்கு வந்து, “உங்கள் எண்ணைக் கொடுங்கள், நாங்களே அழைக்கிறோம்” என்று எழுதும். புகார் எழுதுபவர்களைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பொதுப் பதிவில் கைபேசி எண்ணையும் ஆர்டர் எண்ணையும் எழுதாதீர்கள். அவை கிடைத்துவிட்டால், உங்கள் பிரச்சினை முழுவதும் தெரிந்த ‘அதிகாரி’ ஒருவர் உங்களை அழைப்பார்.

மூன்றாம் படி: பேசும்போது கவனிக்க வேண்டியவை

உண்மையான சேவை மையமும் சில கேள்விகள் கேட்கும்: பதிவு செய்த கைபேசி எண், பிறந்த தேதி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம். இவற்றைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். உங்களை அடையாளம் காணத்தான் கேட்கிறார்கள். அடையாளம் காண்பதைத் தாண்டி, உங்கள் கையால் ஏதாவது செய்ய வைக்கும்போதுதான் நிறுத்த வேண்டும்.

செயலி நிறுவச் சொல்வது, வாட்ஸ்அப்பில் `.apk` என்று முடியும் செயலிக் கோப்பை அனுப்பித் திறக்கச் சொல்வது, பணம் அனுப்பும் பக்கத்தைத் திறக்கச் சொல்வது, “சரிபார்க்க ஐந்து ரூபாய் செலுத்துங்கள்” என்று இணைப்பு தருவது, ஓடிபியையோ யுபிஐ பின்னையோ கேட்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் போதும், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணத்தைப் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை. ஐந்து ரூபாய்ப் படிவம் அற்பமாகத் தோன்றும். அட்டை விவரங்களையும் பின்னையும் அதில் நீங்களே எழுதிக் கொடுப்பதற்காகத்தான் தொகையைச் சிறியதாக வைக்கிறார்கள். அந்த `.apk` கோப்பு, உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அவனுக்கு அனுப்பும் வேலையைச் செய்யக்கூடும். அப்போது ஓடிபியை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

இன்னொன்று, நீங்கள் அழைத்த எண் எடுக்கப்படாமல் வேறோர் எண்ணிலிருந்து திரும்ப அழைப்பு வருவது. சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். உள்வரும் அழைப்பில் தெரியும் பெயரோ எண்ணோ சான்றாகாது. “நானே அழைக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் உள்ள எண்ணை அழையுங்கள். “லைனைத் துண்டித்தால் பணம் போய்விடும்” என்று தடுத்தால், அந்த ஒரு சொல்லே போதும், வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்: முதல் ஒரு மணி நேரம்

வரிசை முக்கியம். கைபேசியில் செயலி நிறுவியிருந்தால், முதலில் அதன் இணையத் தரவையும் வைஃபையையும் அணையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக அணையும்; வைஃபையும் அணைந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரை அவனுக்குத் தெரிவது அங்கே நின்றுவிடும். அடுத்த வேலைகள் அனைத்தையும் வீட்டில் உள்ள இன்னொரு கைபேசியில் செய்யுங்கள்.

முதலில் வங்கியை அழைத்து, யுபிஐ, அட்டை, இணைய வங்கி ஆகிய மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்ததால் ஏற்பட்ட இழப்பு, வங்கியிடம் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகும் கணக்கிலிருந்து பணம் போனால் அந்த இழப்பு வங்கியுடையது.

உடனே 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கியையும் மற்றவர் 1930ஐயும் ஒரே நேரத்தில் அழைக்கலாம். உங்கள் கணக்கு விவரம், போன தொகை, நேரம், 12 இலக்கப் பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த விவரம் பணம் சென்ற வங்கிக்குப் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அங்கே துரத்த வேண்டும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நிமிடங்களுக்கு மதிப்பு இங்கேதான். 1930 கிடைக்காவிட்டால் `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதியலாம். அழைத்துச் சொன்னாலும் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்ய வேண்டும்.

சித்தப்பாவின் பணம் போனது 11.40 மணிக்கு. என் சித்தி 12.05க்கு 1930ஐப் பிடித்தார். 48,960 ரூபாயில் 29,500 ரூபாய் இரண்டாவது கணக்கில் நிறுத்தப்பட்டது. மீதி அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. நிறுத்தி வைத்த தொகையும் மறுநாளே கைக்கு வரவில்லை; காவல் நிலையம், நீதிமன்றம் என்று நடைமுறைகள் முடிய மாதங்கள் ஆயின.

அதன் பிறகு கைபேசியைச் சுத்தம் செய்யலாம். அதற்கு முன் உரையாடல்கள், வந்த எண்கள், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டால் சான்று போய்விடும். பிறகு அமைப்புகளில் மூன்று இடங்களைப் பாருங்கள்: திரையைப் படித்து இயக்க விடும் அணுகல்தன்மை அனுமதி எந்தச் செயலிக்கு இருக்கிறது, குறுஞ்செய்திக்கான இயல்புநிலைச் செயலி எது, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா. அறியாத செயலி இருந்தால் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். `.apk` நிறுவியிருந்தால் தேவையான படங்களைச் சேமித்துக்கொண்டு, கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே நல்லது. கடவுச்சொற்களையும் பின்களையும் இன்னொரு கைபேசியிலிருந்து மாற்றுங்கள்.

வங்கிக்கு எழுத்திலும் ஒரு புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த நாட்களில் இன்னொரு வலை விரியும். “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று அழைப்பு வரும். சைபர் குற்ற உதவி எண் எது என்று தேடினாலும் போலி எண்கள் தட்டுப்படக்கூடும். உதவி எண் 1930 மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் வேறு இலக்கம் கிடையாது, கட்டணமும் கிடையாது.

போலி எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். வரைபடப் பக்கத்தில் அது இருந்தால், அதே “Suggest an edit” வழியாகச் சரியான எண்ணை எழுதி அனுப்பலாம். விளம்பரமாக வந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்யலாம். பணம் போகவில்லை, சந்தேகத்துக்குரிய அழைப்பு மட்டும் வந்தது என்றால், `sancharsaathi.gov.in` தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைத் தெரிவியுங்கள். சித்தப்பாவின் பேரன் வரைபடத்தில் அப்படிப் பார்த்தபோது, அவர் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு வங்கிக் கிளையின் பெயருக்குக் கீழே யாரோ ஒருவரின் கைபேசி எண் இருந்தது. கிளைக்குப் போய் மேலாளரிடம் காட்டினார்கள். அவருக்கு அது அன்றுதான் தெரிந்தது.